6 டிகிரி என்றதும் பல்லை எடுக்க வேண்டாம்
“ஏ.என்.பி. கோணம் 4 டிகிரியைத் தாண்டினால் மேல்வரிசையில் இரண்டு பல்லை எடுத்துவிட்டுத்தான் கம்பி போட வேண்டும்.” பல்சீரமைப்பில் இப்படிச் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு தாடைக்கும் நடுவே முன்பின்னாக எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் அந்தக் கோணம் காட்டும். குறை எந்தத் தாடையில் என்று காட்டாது. மன்னார்குடியில் பல்சீரமைப்பு பார்க்கிறேன். கோட்டூர் பக்கமிருந்து வந்த 12 வயதுப் பெண்ணுக்கு 6 டிகிரி இருந்தது. பக்கவாட்டு எக்ஸ்ரேயின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, பிட்யூட்டரி குழியின் நடுவிலிருந்து மூக்கெலும்பு தொடங்கும் இடத்துக்கு ஒரு கோடு, அங்கிருந்து இரண்டு தாடைக்கும் ஒவ்வொரு கோடு இழுத்தேன். மேல்தாடைக் கோணம் 81. சராசரியே 82 என்பதால் அதில் குறையில்லை. 80 வாக்கில் இருக்க வேண்டிய கீழ்த்தாடைக் கோணம் 75தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 6. பின்தங்கியது கீழ்த்தாடை என்றால் மேல்பல்லை ஏன் எடுக்க வேண்டும்? அதே படத்தில் கழுத்து முள்ளெலும்புகளும் விழுந்திருக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இரண்டாவது, மூன்றாவது எலும்புகளின் அடிவிளிம்பு உள்வாங்கத் தொடங்கியிருந்தது. வேகமாக வளரும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் கீழ்த்தாடையை முன்னே வைத்துக் கடிக்கச் செய்யும் ட்வின் பிளாக் கருவி முதலில், கம்பி அப்புறம் என்று திட்டம் போட்டேன். இதே 6 டிகிரியோடு 25 வயதுக்காரர் வந்தால் வளர்ச்சி முடிந்திருக்கும். அவருக்குப் பல்லை எடுப்பதா, தாடை அறுவை சிகிச்சையா என்று பேசலாம். இன்னொன்று, படம் எடுக்கும்போது பிள்ளை தாடையை முன்னே நீட்டிவிட்டால் கோணம் குறைந்துதான் காட்டும். வாயில் பார்க்கிற கடியும் படத்தில் இருக்கிற கடியும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.