மூன்று மின்தடைகளுக்கு அந்தக் குறுக்குவழி செல்லாது

“பக்க இணைப்பில் எத்தனை மின்தடை இருந்தாலும், எல்லாவற்றையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும், மொத்த மின்தடை வந்துவிடும்” என்று ஒரு குறுக்குவழியைச் சொல்கிறார்கள்.

இரண்டுக்கு இது சரி. மூன்றுக்குப் பொருந்தாது. ஒரு நண்பர் மூன்று 1 ஓம் மின்தடைகளைப் போட்டுப் பார்த்து, 1/3 சரியாக வருகிறது என்கிறார். அவர் கணக்கில் பிழையில்லை. ஒன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதானே! 2 ஓம் மூன்றை எடுத்திருந்தால் 8/6, அதாவது 1.33 வந்திருக்கும். உண்மையான விடை 0.67.

2, 3, 6 ஓம் மூன்றும் பக்க இணைப்பில் இருக்கட்டும். குறுக்குவழி 36/11, ஏறத்தாழ 3.27 ஓம் என்கிறது. இங்கேயே சந்தேகம் வர வேண்டும்: பக்க இணைப்பின் மொத்த மின்தடை அதிலுள்ள மிகச் சிறியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இங்கே சிறியது 2.

அதே குறுக்குவழியை இரண்டிரண்டாகப் பயன்படுத்துங்கள். 2, 3 சேர்ந்து 6/5 = 1.2 ஓம். அந்த 1.2 உடன் 6 சேர்ந்தால் 7.2/7.2 = 1 ஓம். இதனோடு தொடர் இணைப்பில் 4 ஓம் இருந்தால் மொத்தம் 5 ஓம்.

சரிபார்க்க 10 வோல்ட் மின்கலத்தை இணைத்ததாகக் கொள்ளுங்கள். மின்னோட்டம் 2 ஆம்பியர். 4 ஓமில் 8 வோல்ட் போக, பக்க இணைப்புக்கு 2 வோல்ட் மிஞ்சும். கிளைகளில் 1, 2/3, 1/3 ஆம்பியர். கூட்டினால் மீண்டும் 2.