ஜார் விழுந்தபோது லெனின் எங்கே இருந்தார்?

“முதல் உலகப் போரின்போது லெனின் ஜார் மன்னரைக் கவிழ்த்து ஒரே கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார்.”

தேர்வில் இப்படி எழுதாதீர்கள். 1917 மார்ச்சில் ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலஸ் பதவி விலகியபோது லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார். போரால் ரயில் போக்குவரத்து தடுமாறி, அப்போதைய தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டிக்கு நீண்ட வரிசை. மார்ச் 8 அன்று நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாளில், அடக்க அனுப்பிய படைவீரர்களே மக்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். திருப்பமே அதுதான். தளபதிகளும் கைவிட, பிஸ்கோவ் நகரில் நின்ற ரயில் பெட்டியில் ஜார் கையெழுத்திட்டார்.

நவம்பரில், நாடு திரும்பியிருந்த லெனின் கவிழ்த்தது, ஜாருக்குப் பின் வந்த, போரை நிறுத்தாத இடைக்கால அரசைத்தான். அப்புறம் அரசியல் நிர்ணய சபைக்கு நடந்த தேர்தலில் லெனின் கட்சியான போல்ஷெவிக்குகளுக்குச் சுமார் கால்பங்கு ஓட்டுதான் கிடைத்தது. 1918 ஜனவரியில் கூடிய அந்தச் சபையை ஒரே அமர்வோடு கலைத்தார்கள். மற்ற கட்சிகள் அடுத்த சில ஆண்டுகளில் ஒடுக்கப்பட்டன.