செருப்பு போன வழியில் ஆள் போவதில்லை

போன ஆடியில் எங்கள் ஊர் ஆற்றில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இறந்த பையனின் பெயர் வேண்டாம், தடுப்பணையின் பெயரும் வேண்டாம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு எந்த இடம் என்று சொல்லாமலே தெரியும்.

மற்றவர்களுக்கு ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆழியாறு மணக்கடவைத் தாண்டிக் கேரளாவுக்குள் வந்து, மூலத்தறை ரெகுலேட்டருக்குக் கீழே சித்தூர்ப்புழையாக ஓடுகிறது. அப்புறம் பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிறது. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அதாவது இந்த ஆற்றில் தண்ணீர் கூடுவதும் குறைவதும் பாதி மழையின் கையில், பாதி ஷட்டரின் கையில். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆற்றில் மட்டும் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருக்கும். 2024 ஜூலையில் நறணியில் குளிக்க இறங்கிய நாலு பேர் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொண்டதும், தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி அவர்களை இழுத்து வந்ததும் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது அது அல்ல. அந்த நாலு பேர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போனவனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஞாயிற்றுக்கிழமை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஐந்து பசங்க காரில் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. தடுப்பணையின் மேல்விளிம்பில் கணுக்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒருவன் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போகப் பார்த்தான். பாசி. வழுக்கிக் கீழ்ப்பக்கம் விழுந்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவன், கிணற்றில் நீந்திப் பழகியவன் என்று அவன் நண்பர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

தடுப்பணைக்குக் கீழே நீச்சல் ஏன் உதவாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மேலிருந்து விழும் தண்ணீர் நேராக அடிக்குப் போகிறது. போனதில் ஒரு பகுதி மேலே வந்து மறுபடி அணைப் பக்கமே சுருட்டிக்கொண்டு திரும்புகிறது. வெளியே வர நீந்துகிறவனை அது சுவரை நோக்கி இழுத்து, விழும் தண்ணீருக்கு அடியில் மறுபடி தள்ளுகிறது. அங்கே வெள்ளையாகக் கொதிக்கிற மாதிரி தெரிகிறதே, அது பாதி தண்ணீர், பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, கையை வீசினாலும் பிடிமானம் இருக்காது. மேலே வரத் துடிக்காமல் மூச்சைப் பிடித்து அடியோடு போனால் கீழ் ஓட்டம் வெளியே தள்ளிவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் விழுந்த அதிர்ச்சியில் யாருக்கு அது தோன்றும்? போதாததற்கு, வருஷக்கணக்கில் தண்ணீர் விழுந்து விழுந்து அங்கே கசம், அதாவது ஆழமான குழி, பறித்திருக்கும். மலையாளத்தில் கயம் என்பார்கள். எங்கள் தடுப்பணைக்குக் கீழே இரண்டு ஆள் ஆழம்.

எங்கள் வாசகசாலைப் பசங்க ஏழெட்டுப் பேர் இந்த மாதிரி நேரத்தில் ஓடுவோம். இரண்டு பேர் தீயணைப்புத் துறையின் சிவில் டிஃபென்ஸ் பயிற்சி எடுத்தவர்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடி வந்து சொல்லி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 4.05. பையன் விழுந்தது 3.38. நிமிஷம் வரைக்கும் எப்படித் தெரியும் என்றால், ஒரு நண்பன் கரையில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த இருபத்தேழு நிமிஷத்தில் அதே போனிலிருந்து நாலு பேருக்குப் பேசியிருக்கிறான். எல்லாம் சொந்தக்காரர்கள், கூட்டாளிகள். 112 கிடையாது, 101 கிடையாது. "போலீஸுக்குச் சொன்னா நாங்கதான் தள்ளிவிட்டோம்னு பிடிச்சுக்குவாங்கன்னு பயந்துட்டோம்ணா" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கரையில் நின்ற எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும், "நீ எதுக்கு போன் போடறே கண்ணு, நாளைக்கு சாட்சிக்கு இழுப்பாங்க" என்றார்.

சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்தான். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது, ஆற்றில் போனவருக்கு அது பொருந்தாது. ஆனாலும் சொல்கிறேன், நான் இதுவரை மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறை அரை நாள் வேலை கெட்டது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

நான் 112-ஐ அடித்தேன். எங்கள் பக்கத்தில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கைபேசி எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் அழைப்பு போகும். அன்று தமிழில் எடுத்தார்கள், சென்னை. "நான் நிற்பது கேரளா, பாலக்காடு மாவட்டம்" என்று விளக்குவதற்குள் இரண்டு நிமிஷம் போனது. வைத்துவிட்டு ஸ்டேஷனின் தரைவழி எண்ணுக்கே அடித்தேன். எல்லையில் இருப்பவர்கள் பக்கத்து ஸ்டேஷன், பக்கத்துத் தீயணைப்பு நிலையம் இரண்டின் நேரடி எண்களையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 112-க்கே அடித்தாலும் முதல் வார்த்தையாக மாநிலம், மாவட்டம் சொல்லுங்கள்.

"நாங்களே இறங்கித் தேடிக்கலாம், போலீஸ் எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். மேலே ஷட்டரை இறக்கச் சொல்லி நானோ நீங்களோ போன் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். போலீஸோ தாசில்தாரோ சொன்னால்தான் இறங்கும். இறக்கினாலும் வழியில் இருக்கும் தண்ணீர் வடிய மணிக்கணக்காகும். ஆகவே அந்த ஒரு போன் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு நேரம் இருட்டில் போய் விழுகிறது.

வந்த எஸ்ஐ கேட்ட முதல் கேள்வி, "அவசானமாயிட்டு எவிடெயா கண்டது?" கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று அர்த்தம். பையன்கள் அதை 'அவசரம்' என்று புரிந்துகொண்டு, "ஆமா சார், அவசரம் சார், சீக்கிரம் சார்" என்று அழுதார்கள். சிரிக்கிற நேரம் இல்லை. நான் தமிழில் திருப்பிக் கேட்டேன். நாலு பேரும் நாலு இடத்தைக் காட்டினார்கள். ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நாற்பது மீட்டர் வித்தியாசம்.

யாரும் பொய் சொல்லவில்லை. கரையோரம் கத்திக்கொண்டே ஓடியதில், தாங்கள் எங்கே நின்று பார்த்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள். இப்படி ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, விழுந்தபோது அவர் நின்ற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீடியோ எடுத்தவனை அவன் நின்ற பாறைமேல் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னேன். நேர் எதிரே அக்கரையில் ஒரு மருதமரம். அடுத்தவனைப் படித்துறையில் நிறுத்தினேன். அவன் கை தடுப்பணைச் சுவரில் இருந்த ஒரு வெடிப்பைக் காட்டியது. இரண்டு கோடும் வெட்டும் இடம் அணையடியிலேயே, வெள்ளைத் தண்ணீரின் ஓரத்தில். மருதமரத்தில் என் சிவப்புத் துண்டைக் கட்டிவரச் சொன்னேன். பாறைமேல் ஒரு ஆளை நகராமல் நிற்க வைத்தேன்.

இதற்குள் கீழேயிருந்து ஒரு சத்தம். முந்நூறு மீட்டர் தள்ளி நாணல் புதரில் அவன் செருப்பு ஒதுங்கியிருக்கிறது! மொத்தக் கூட்டமும் அங்கே ஓடியது. ரப்பர் படகும் அங்கேதான் இறங்கியது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செருப்பு மேல் தண்ணீரில் மிதந்து போகும். மூச்சு நின்ற உடம்பு நுரையீரலில் நீர் ஏறி, அப்படியே அடிக்கு அமிழும். அடியில் ஓட்டம் குறைவு, மேடு பள்ளமும் அதிகம். ஆறு கரை புரண்டு ஓடும் வெள்ளமாக இருந்தால் வேறு கதை, உடம்பு அடுத்த வளைவுக்கோ அடுத்த தடுப்பணைக்கோ போய்விடும். அன்று அப்படிப்பட்ட வெள்ளம் இல்லை. ஆனால் கண்ணில் பட்ட செருப்புக்கு இருக்கிற மரியாதை, கை நீட்டிய கோட்டுக்குக் கிடைக்காது. அந்தக் குடும்பத்தாரும் செருப்பைப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் யார் யாரை மறிக்க முடியும்?

பாலக்காட்டிலிருந்து ஸ்கூபா குழு வந்தபோது ஐந்தே முக்கால். புதர்ப் பக்கம் ஒரு முறை மூழ்கிப் பார்த்தார்கள். அணையடிக்கு வந்தபோது தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது, அந்தச் சுருட்டலில் முங்குகிறவரை அனுப்பினால் அவரையும் தேட வேண்டியிருக்கும். இருட்டியதும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான்.

ஷட்டர் இறங்கி ராத்திரி முழுக்க நீர் வடிந்தது. விடியற்காலையில் விளிம்பில் கசிவு மட்டும்தான். ஏழு மணிக்குப் பாதாளக்கரண்டியைப் போட்டார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்போமே, அதே கொக்கிக் கொத்துதான், கொஞ்சம் பெரியது. இரண்டாவது வீச்சில் கயிறு கனத்தது. எங்கள் குறியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தூரம் இருக்கும்.

முந்தைய சாயங்காலம் அங்கேயே தேடியிருந்தால் பிழைத்திருப்பானா என்றால், மாட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே இருபத்தேழு நிமிஷம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க, "எங்காவது கரையேறி மயங்கிக் கிடப்பான்" என்று டார்ச் அடித்துக்கொண்டு அந்த அப்பா புதர் புதராகத் தேடியிருக்க வேண்டியதில்லை. இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

கேரளாவில் ஆள் காணவில்லை என்றால் போலீஸ் சட்டம் 57-ஆம் பிரிவில் எஃப்ஐஆர் போடுவார்கள். உடல் கிடைத்ததும் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194-க்கு மாறும், பழைய சிஆர்பிசி 174 தான். விசாரணை அறிக்கை எழுதி, போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பி, அப்புறம்தான் உடலைக் கொடுப்பார்கள். வீடியோவின் 3.38, என் அழைப்பின் நேரம், இரண்டு பேர் கைநீட்டிய கோடு, மூன்றும் என் வாக்குமூலத்தில் ஏறின. அந்த நாலு பசங்களையும் யாரும் சந்தேகமாகப் பார்க்காததற்கு அந்த வீடியோதான் காரணம்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, மலையாளத்தில் மட்டும். குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறார்கள், உள்ளூரிலும் பாதிப் பேர் தமிழ் படித்தவர்கள். மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு டப்பா பெயிண்ட் வாங்கி நாங்களே எழுதிவிடலாம் என்று பசங்க சொல்கிறார்கள். அநேகமாக அதுதான் நடக்கும்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு மருதமரத்துத் துண்டை அவிழ்க்கலாம் என்று போனேன். அந்தப் பையனின் அப்பா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பொள்ளாச்சியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். "இதுக்கு நேரேதானுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். துண்டை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.