சனிக்கிழமைக்கு முன்னால் சொல், மீனா

(மீனாவுக்கு அனுப்பிய கடிதம்தான் இது. என்னைப் போல இரண்டாவது துணை தேடும் பெண்களுக்கும் உதவும் என்பதால், இதில் வரும் ஆணின் அடையாளங்களை நீக்கிவிட்டுப் பகிர்கிறேன்.)

மீனா,

டேட்டிங் ஆப்பில் ஒருவர் அமைந்திருக்கிறார் என்று சொன்னேனே, சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால் உன் மனதில் படுவதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வயது நாற்பதை ஒட்டி. என் பால்கனித் தக்காளிச் செடிப் படத்தைப் பார்த்து, "இலைக்கு அடியில வெள்ளை ஈ இருக்கு, கவனிச்சீங்களா?" என்று கேட்டதுதான் அவர் அனுப்பிய முதல் செய்தி. திருப்பிப் பார்த்தேன், இருந்தது. வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவருடைய அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போனை மூடவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "ஒருத்தங்ககிட்ட பேசிட்டிருக்கேன்மா, வரேன்" என்று சத்தமாகவே சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

முதலில் அவருடைய காரிலேயே ஈசிஆர் பக்கம் போகலாம் என்றார். முதல் நாளே கார் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "சரி, இடத்தை நீங்களே சொல்லுங்க" என்றார். செம்மொழிப் பூங்கா சொல்லியிருக்கிறேன். செடிகள் இருக்கும், ஆட்களும் நடமாடுவார்கள், நானே ஆட்டோவில் போய் வந்துவிடலாம்.

இனிதான் விஷயம். விவாகரத்து பற்றிக் கேட்டால், "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்" என்கிறார். ப்ரொஃபைலில் சரிபார்த்த டிக் இருக்கிறது. ஆனால் படத்தில் இருக்கும் முகம் அவருடையதுதான் என்பதற்கு மேல் அந்த டிக் எதையும் சொல்லாது. கல்யாணம் ஆனவரா, பிரிந்தவரா என்பது அதில் தெரியாது.

"கிட்டத்தட்ட" என்பதற்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று குடும்பநலக் கோர்ட்டு வராண்டாவில் நின்ற எனக்குத் தெரியும். பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் இந்து திருமணச் சட்டம் 13பி. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்த பிறகு, இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். அது முதல் மோஷன். பிறகு 6 மாதக் காத்திருப்பு. அதற்கப்புறம் இருவரும் திரும்ப வந்து, சம்மதம் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். சமரசத்துக்கு இனி வழியே இல்லாத வழக்கில் அந்த 6 மாதத்தைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆனால் அது தானாகக் கிடைத்துவிடாது, கேட்டுப் பெற வேண்டும். தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால் அந்த மனு அங்கேயே நின்றுவிடும். மற்றவர் காரணங்களைச் சொல்லித் தனியாக வழக்குப் போட வேண்டியதுதான், அது எத்தனை வருடம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீர்ப்பு வரும்வரை சட்டப்படி அவர் இன்னொருவரின் கணவர்.

அதனால் மனு போட்டாயிற்றா, முதல் மோஷன் எப்போது முடிந்தது, அடுத்த வாய்தா என்றைக்கு என்ற மூன்றையும் நேராகக் கேட்கலாம் என்றிருக்கிறேன். வழக்கு நிஜமாகவே நடக்கிறவருக்கு வாய்தா தேதி நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு ஆபீசில் லீவு போட வேண்டுமே! "எல்லாம் வக்கீல் பாத்துக்கிறார்" என்று பதில் வந்தால், மனுவே இன்னும் போடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பிரிந்து மட்டும் வாழ்கிறேன் என்று உண்மையைச் சொன்னாலும் தப்பாக நினைக்க மாட்டேன். நட்போடு நிறுத்திக்கொள்வதா, காத்திருப்பதா என்று நான் முடிவு செய்ய அது போதும்.

இகோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் வருடத்தையும் போட்டு நானே தேடலாம்தான். மனம் வரவில்லை. அவரிடம் கேட்காமல் அவருடைய வழக்கைத் துழாவிவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒன்றும் தெரியாததுபோலச் சிரிக்க என்னால் முடியாது. முதல் சந்திப்புக்கே வழக்கு எண்ணைக் காட்டு என்பதும் அதிகம். பழக்கம் இன்னும் வளர்ந்தால் அப்போது கேட்பேன்.

நீ சொல்ல வேண்டியது இரண்டு. இந்தக் கேள்விகளைப் போனிலேயே முடித்துவிடட்டுமா, நேரில் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டுமா? போனில் கேட்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நேரில் அவரைப் பிடித்துப்போன பிறகு, எந்தப் பதில் வந்தாலும் அதற்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். என்னை உனக்குத் தெரியும். இன்னொன்று, அம்மா கூப்பிட்ட அந்தச் சின்ன விஷயத்துக்கு நான் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறேனா? வீட்டில் ஒளிவுமறைவு இல்லை என்பதும் சட்டப்படி பிரிந்துவிட்டார் என்பதும் ஒன்றல்ல. தனிமையில் இருக்கும்போது இரண்டும் எனக்கு ஒன்றாகத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

எனக்குப் பிடிக்கும் என்பதற்காக எதையும் சொல்லாதே. வியாழக்கிழமை ராத்திரி அவர் கூப்பிடுவார், அதற்குள் சொல்லிவிடு. சனிக்கிழமை லைவ் லொக்கேஷன் உனக்கு அனுப்புகிறேன். ஏழு மணிக்கு ஒரு போன் போடு.