அந்த d/o-வை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

சனிக்கிழமை செக்-இன் கவுண்டரில், டிக்கெட்டில் இருந்த பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல் இல்லை என்று நானும் மகனும் மாட்டிக்கொண்டதை அன்றைக்கே எழுதிவிட்டேன். திரும்பவும் முழுக்கச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்குக் கீழே வந்த பதில்களில் பாதி ஒரே ராகம்: "சட்டப்படி பெயர் மாற்றும் டீட் போல் போட்டு அந்த d/o-வைத் தூக்கிவிடுங்கள் அக்கா, தொல்லை விட்டது." எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனாலும் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

என் பாஸ்போர்ட்டில் பெயர் KAVITHA D/O MANICKAM. நம் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரே இடம்தான். இது குடும்பப் பெயர், இது சொந்தப் பெயர் என்று பிரித்துக் கேட்பதில்லை. அடையாள அட்டையிலும் அப்படியே. கவிதா நான், மாணிக்கம் என் அப்பா, நடுவில் இருக்கும் D/O, மகள் என்ற எங்கள் உறவு. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் டிக்கெட் போடும்போது தொடங்குகிறது. அங்கே இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். சாய்கோடு போட்டால் சிவப்பு எழுத்தில் பிழை என்கிறது. ஏன் என்று பயண முகவர் வேலையில் இருக்கும் தோழி ஒருமுறை தன் திரையைக் காட்டி விளக்கினாள். முன்பதிவு முறையில் அவர்கள் பெயரை இப்படி அடிப்பார்கள்:

```
NM1MANICKAM/KAVITHA MS
```

குடும்பப் பெயர் எங்கே முடிகிறது, சொந்தப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தச் சாய்கோடுதான் சொல்கிறது. என் பெயரை உள்ளபடி அடித்தால் நான் "KAVITHA D" என்ற குடும்பத்தில் பிறந்த "O MANICKAM" ஆகிவிடுவேன். அதனால்தான் சாய்கோட்டை வாசலிலேயே தடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, வரிக்கு 44 எழுத்து, அதிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், < என்ற குறி, இவ்வளவுதான் வரலாம். சாய்கோட்டுக்கு அங்கும் இடமில்லை.

சரி, சாய்கோட்டை எடுத்துவிட்டு DO என்று போடலாமே என்பீர்கள். போட்டேன். சனிக்கிழமை நடந்ததே அதுதான். டிக்கெட்டில் இடைவெளியும் காணாமல் போய் MANICKAM/KAVITHADO என்று வந்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கவிதாடோ யார்?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கண்ணுக்கு இரண்டும் வேறு பெயர்.

இப்போது "எடுத்துவிடுங்கள்" என்பவர்களுக்கு வருகிறேன். எடுத்துப் பார்த்தவள் நான். என் பெயரில் இல்லை, என் மகன் பெயரில்.

அவன் பிறந்தபோது நானும் கணவரும் யோசித்து s/o இல்லாமலே பதிந்தோம். ILANGO SELVAM. இளங்கோ அவன், செல்வம் அவன் அப்பா. நான் பட்ட பாடு அவனுக்கு வேண்டாம் என்று நினைத்தோம். நடந்தது என்ன தெரியுமா? கடைசியில் இருக்கும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எல்லாப் படிவமும் எடுத்துக்கொண்டது. நீச்சல் வகுப்பில் அவன் பெயர் செல்வம். பல் மருத்துவரிடமிருந்து வரும் குறுஞ்செய்தியில் "மாஸ்டர் செல்வம்". ஏழு வயதில், "அம்மா, ஏன் எல்லாரும் என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க?" என்று கேட்டான். s/o இருந்திருந்தால், படிக்கிற மனிதருக்காவது எது பிள்ளை பெயர், எது அப்பா பெயர் என்று தெரிந்திருக்கும். அதை எடுத்தோம், அந்தத் தகவலும் போய்விட்டது. நடுவில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துதான் "பின்னால் வருவது என் பெயர் இல்லை" என்று சொல்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சனிக்கிழமை கவுண்டரில் அடுத்த கேள்வியும் அதனால்தான் வந்தது. திரையில் நான் மாணிக்கம் குடும்பம், அவன் செல்வம் குடும்பம். "இவன் உங்கள் மகனா? பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?" என்றார். கைபேசியில் படம் இருந்தது, நல்ல வேளை. மேற்பார்வையாளர் வந்து பார்த்து முடிக்க இருபத்தைந்து நிமிடம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான் பிள்ளை.

நம் ஊரிலேயே மலாய்க்காரர்கள் bin, binte என்று எழுதுகிறார்கள். பொருள் அதேதான், மகன், மகள். அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இரண்டு கட்டத்தில் அவர்களுக்கும் தொல்லை உண்டு. ஆனால் அந்தச் சொல்லில் சாய்கோடு இல்லாததால் பெயர் பெயராகவே உள்ளே போகிறது. ஜொகூரில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு a/l, அவன் தங்கைக்கு a/p. எங்களைப் போலவே அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

"அது வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலக் குறி, நம்முடையதே இல்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், தமிழில் எழுதினால் நான் மா. கவிதா. முன்னெழுத்தோடு முடிந்தது. ஆனால் என் பிறப்புச் சான்றிதழில் அது ஏறி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. படிப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் அதே பெயரில். டீட் போல் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை தம்பி. ஒவ்வொன்றையும் தேடிப் போய் மாற்ற வேண்டும், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே ஆள்தான் என்று காலம் முழுக்கக் காட்ட வேண்டும். வெளிநாட்டு முறை இதைவிட மோசம். பெயரைப் பிரிக்க முடியாவிட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் FNU என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். இருக்கிற பெயரே தெரியவில்லை என்றாகிவிடுகிறது.

"பெண் ஏன் அப்பா பெயரைச் சுமக்க வேண்டும்" என்றும் ஒருவர் கேட்டார். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அப்பா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். "மாணிக்கம்! மிஸ் மாணிக்கம்!" என்று கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி என் கையைத் தொட்டு, "உன்னைத்தானே?" என்றார். அது என் பெயர் இல்லை. என் அப்பாவின் பெயர். நான் அதைச் சுமக்கவில்லை, வைத்திருக்கிறேன். அதை என் பெயராக்கிக் கூப்பிடும்போதுதான் வலிக்கிறது.

நம் அதிபரை 2023 தேர்தலின்போது வெளிநாட்டுச் செய்திகள் சில சண்முகரத்தினம் என்றே எழுதின. அது அவர் தந்தையின் பெயர். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, தர்மன் என்றுதான் சொல்கிறோம். சீனரும் மலாய்க்காரரும் கூடத்தான். ஆக, மனிதர்களுக்குப் புரிகிறது. "பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர்" என்று ஒரு கட்டம், "உங்களை எப்படி அழைக்கலாம்" என்று இன்னொரு கட்டம், இவ்வளவுதான் நான் கேட்பது. முன்பதிவு முறைக்குச் சாய்கோடு ஆகாது என்றால் அதைப் பின்னால் இருக்கும் நிரல் மாற்றிக்கொள்ளட்டும். நான் ஏன் என் பெயரை மாற்ற வேண்டும்?

வியாழக்கிழமை திருச்சியிலிருந்து திரும்புகிறோம். அந்த டிக்கெட்டிலும் KAVITHADO-தான். மகனின் பிறப்புச் சான்றிதழை இந்த முறை தாளிலேயே எடுத்து வைத்திருக்கிறேன்.