டேப்புக்குள்ளே நடக்கிறது

"சார்ஜர் வயர் பின்னுக்குப் பக்கத்துல வெடிச்சிருக்கு. இன்சுலேஷன் டேப் சுத்தி ஓட்டலாமுங்களா?"

வேண்டாமுங்க. கொழிஞ்சாம்பாறையில எங்க வீட்டுலயும் நான் அதைத்தான் பண்ணேன். ரெண்டு வாரத்துல டேப்போட பசை இளகி வழிஞ்சிருந்தது. பிரிச்சுப் பாத்தா, உள்ளே செம்புக் கம்பி இழைங்க பாதிக்கு மேல அறுந்து, சுத்தியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாயிருந்தது.

டேப் மேல்தோலைத்தான் மூடும், அறுந்த இழையைச் சேர்க்காது. மிச்சமுள்ள ரெண்டு மூணு இழையிலேயே மொத்தக் கரண்டும் போகணும். அந்த இடத்துல அரை ஓம் தடை வந்தாக்கூட, 2 ஆம்பியர் போகும்போது 2 வாட் சூடு ஒரு நெல்மணி அளவு இடத்துல இறங்கும். அதுக்கு மேல டேப்பைச் சுத்தினா சூடு வெளியேற வழியில்லை. போன் என்னவோ மெதுவா சார்ஜ் ஏறிட்டுத்தான் இருக்கும், அதனால சந்தேகமே வராது. வயரை வளைச்சா சார்ஜ் நின்னு வருதா, அந்த இடம் மட்டும் சுடுதான்னு பாருங்க.

வயர் தனியாக் கழலுமுன்னா அதை மட்டும் மாத்துங்க. அடாப்டரோட ஒட்டினதுன்னா மொத்தத்தையும்தான் மாத்தணும். லேப்டாப் சார்ஜர்ல சுவத்துக்குப் போற வயர் வெடிச்சிருந்தா டேப் பேச்சே எடுக்காதீங்க, அதுல ஓடுறது 230 வோல்ட்.

பழசைப் பிளக்குல இருந்து கழட்டிட்டு வயரை ரெண்டா நறுக்கிருங்க. நான் சும்மா பரண்ல போட்டதை எங்க பையன் எடுத்து மறுபடி மாட்டிட்டான்! அப்புறம் வீடு வீடா வந்து கழிவு எடுக்குற ஹரித கர்ம சேனாக்காரங்க வரும்போது மின்கழிவுன்னு சொல்லிக் குடுத்தேன். குப்பையோட எரிச்சிராதீங்க.