முதல்ல வந்தவருக்கு ஏன் மஞ்சள் சட்டை இல்லன்னு கேட்டா சிரிக்காதீங்கய்யா

ஒவ்வொரு ஜூலையும் இதே கூத்துதான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி தொடங்கும். புதுசா ஒருத்தர் ஆசையா டிவியைப் போடுவார். நூத்தம்பது பேருக்கு மேல மொத்தமா ஓட்டிட்டு வருவாங்க, அவங்களுக்கு முன்னால நாலு பேர் தனியா போய்ட்டு இருப்பாங்க. வர்ணனையாளர் பாட்டுக்கு பெலட்டான், பிரேக்அவே, போனஸ் செகண்ட்னு அள்ளி வீசிட்டே போவார். ஒண்ணுக்காவது விளக்கம்? கிடையாது. ஹெலிகாப்டர்ல கோட்டையையும் சூரியகாந்தித் தோட்டத்தையும் மணிக்கணக்கா காட்ட மட்டும் நேரம் இருக்கு. கடைசியில ஒருத்தர் கையைத் தூக்கிட்டு முடிவுக் கோட்டைத் தாண்டுவார், மஞ்சள் சட்டை வேற ஒருத்தருக்குப் போகும். "என்னங்க இது, முதல்ல வந்தவர் அவர்தானே?"னு கேட்டா, பழைய ரசிகர்கள் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி சிரிப்பாங்க.

சிரிக்க என்னய்யா இருக்கு? கேள்வி நியாயமானதுதானே. ரெண்டு வரியில பதில் சொல்லலாம். ஒரு நாள் ஓட்டத்துக்குப் பேர் ஸ்டேஜ். டூர்ல அப்படி 21 ஸ்டேஜ். அன்னைக்கு முதல்ல வந்தவர் அந்த ஸ்டேஜை ஜெயிச்சார், அவ்வளவுதான். மஞ்சள் சட்டை, எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டிப் பார்த்தா யாருக்குக் குறைவா வருதோ அவருக்கு. திரையில GC-ன்னு வர்ற பட்டியல் அந்தக் கூட்டல் கணக்கு. 2017ல கிறிஸ் ஃப்ரூம் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காம மொத்த டூரையும் ஜெயிச்சார். இந்த ஒரு தகவலை முதல் நாளே சொல்லியிருந்தா பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

அடுத்த புலம்பல், "கூட்டமா சும்மா உருட்டிட்டுப் போறாங்க, இதுல என்ன போட்டி?" அந்தக் கூட்டம்தான் பெலட்டான். சமதரையில மணிக்கு 45 கிலோமீட்டர்ல போகும்போது காலோட உழைப்புல பெரும்பகுதி காத்தைக் கிழிக்கவே செலவாகும். முன்னால போறவரோட பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினா, அதுல மூணுல ஒரு பங்கு மிச்சமாகும். கூட்டத்துக்கு நடுவுல இருந்தா இன்னும் சொகுசு. அதனாலதான் யாரும் முன்னால வந்து காத்தை வாங்க விரும்ப மாட்டாங்க. அந்த வேலையைச் செய்யவே ஒவ்வொரு அணியிலயும் ஆளுங்க இருக்காங்க. தலைவரைக் கடைசி வரைக்கும் காத்துல படாம பொத்திக் கொண்டுவர்றதுதான் அவங்க உத்தியோகம்.

கூட்டத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஒண்ணா வந்து சேர்ந்தா, அந்தக் கூட்டத்துல முதல் ஆளோட நேரம்தான் எண்பதாவது ஆளுக்கும். முடிவுப் பட்டியல்ல s.t.-ன்னு போட்டிருந்தா "அதே நேரம்"னு அர்த்தம். ஆனா நடுவுல விரிசல் விழுந்தா பின்னால மாட்டினவங்களுக்குத் தனி நேரம். கடைசியில கூட்டமா வேகமெடுத்துப் பாயற ஸ்பிரிண்ட்டா முடியும்னு எதிர்பார்க்கிற ஸ்டேஜ்ல 3 செகண்ட் வரைக்கும் பொறுப்பாங்க. மலையில அந்தத் தயவெல்லாம் எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் சட்டைக்காரர் ஸ்பிரிண்ட் ஓட்ட வராட்டியும் கடைசி கிலோமீட்டர்ல உயிரைக் கையில பிடிச்சுட்டு முன்னால தொத்திட்டு இருக்கறது இந்த விரிசல்ல மாட்டாம இருக்கத்தான்.

இப்போ அந்த நாலு பேர். பிரேக்அவே. "ஏன் இவ்வளவு நேரம் விட்டு வச்சிருக்காங்க?"ன்னு எல்லாரும் கேட்பாங்க. பதில் எளிசு. அவங்க GC-ல பல நிமிஷம் பின்தங்கினவங்களா இருந்தா, மூணு நிமிஷம் முன்னால போனாலும் மஞ்சள் சட்டைக்கு ஆபத்தில்ல. சீக்கிரமே பிடிச்சுட்டா அடுத்த நாலு பேர் கிளம்புவாங்க, திரும்பத் துரத்தணும். அதுக்குக் கண் எதிர்ல தொங்க விட்டுட்டு, முடிவுக்குப் பக்கத்துல வச்சு விழுங்கறது லாபம்.

பிடிபடுவாங்களா, மாட்டாங்களா? ராபர்ட் ஷபாத்னு ஒரு பிரெஞ்சு வர்ணனையாளர் பேர்ல ஒரு தோராயக் கணக்கு இருக்கு: பெலட்டான் மும்முரமா துரத்தினா 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் மீட்டுடும். இன்னும் 40 கிலோமீட்டர் பாக்கி, இடைவெளி 3 நிமிஷம்னா நாலு பேர் கதை முடிஞ்சது. 5 நிமிஷம்னா நிமிர்ந்து உட்காருங்க. கூடவே பெலட்டானோட முகப்பைப் பாருங்க. நீளமா ஒத்தை வரிசையா இழுபட்டு, ஒரே அணிச் சட்டை முன்னால இருந்தா துரத்தல் நடக்குது. ரோடு முழுக்கப் பரவி, பேசிக்கிட்டு, தின்னுக்கிட்டு வந்தா துரத்துற எண்ணமே இல்ல. முன்னால நாலு பேர்ல ஒருத்தர் காத்தை வாங்கற தன் முறை வரும்போது முன்னால வராம ஒளிஞ்சா, சண்டை ஆரம்பம், வேகம் படுத்துடும்.

இந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பெண்கள் ரேஸ் காட்டுச்சு. ஒலிம்பிக்ஸ்ல முன்னால யார் இருக்காங்கன்னு சொல்ல காதுல ரேடியோ கிடையாது. ஆஸ்திரியாவோட அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்துலயே தப்பிச்சுப் போனவர், கணிதத்துல டாக்டர் பட்டம் வாங்கினவர். கூடப் போனவங்களைப் பிடிச்ச பெலட்டான், எல்லாரையும் பிடிச்சாச்சுன்னு நினைச்சுடுச்சு. கீசன்ஹோஃபர் தனியா வந்து ஜெயிச்சுட்டார், 75 செகண்ட் கழிச்சு வந்த நெதர்லாந்து வீராங்கனை ஃபான் ஃப்ளூட்டன் தங்கம் தனக்குன்னு கையைத் தூக்கினார். உலகத்தரமான வீராங்கனைகளே எண்ணிக்கையைத் தவறவிடுறாங்க. இதுல சோபாவுல உட்கார்ந்திருக்கற புது ஆளைப் பார்த்து என்ன ஏளனம்?

உச்சகட்டக் கொடுமை டைம் போனஸ். சாதாரண ஸ்டேஜ்ல முடிவுக் கோட்டை முதல்ல தாண்டுற மூணு பேரோட மொத்த நேரத்துல இருந்து டூர்ல 10, 6, 4 செகண்ட் கழிப்பாங்க. தனித்தனியா கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுற டைம் ட்ரயல்ல இது கிடையாது. "அஞ்சு பத்து செகண்டுக்கா இந்த அடிதடி?"ன்னு உதட்டைப் பிதுக்கறவங்களுக்கு 2011 வுவெல்டாவைக் காட்டணும். ஸ்பெயின்ல நடக்கற அந்தப் போட்டியில அப்போ போனஸ் 20, 12, 8.

ஆங்லிரு மலையில ஸ்பெயின் வீரர் ஹுவான் ஹோசே கோபோ முதல்ல வந்தார், 20 செகண்ட் கழிஞ்சது. நாலாவதா வந்த ஃப்ரூமுக்கு எதுவும் இல்ல. ரெண்டு நாள் போட்டி கழிச்சு 17வது ஸ்டேஜ், பென்யா கபார்கா ஏற்றம். அன்னைக்குக் காலையில கோபோ 22 செகண்ட் முன்னால. உச்சியில ஃப்ரூம் அவரை ஒரே ஒரு செகண்ட்ல முந்தினார். ஆக 21தானே மிச்சம்? திரையில 13னு வந்தது. ஃப்ரூமுக்கு 20 கழிஞ்சது, ரெண்டாவதா வந்த கோபோவுக்கு 12 கழிஞ்சது, வித்தியாசம் 8. ரோட்டுல 1, போனஸ்ல 8. அந்த 13 செகண்ட் அப்படியே கடைசி வரைக்கும் நின்னு கோபோ ஜெயிச்சார். ஆங்லிருவுல வாங்கின அந்த 20 இல்லன்னா ஜெயிச்சிருக்க மாட்டார்.

அதுவும் நிலைக்கல. ஊக்கமருந்து விதிமீறல்னு 2019ல கோபோ பேரை அடிச்சுட்டு, பட்டத்தை ஃப்ரூமுக்கே கொடுத்தாங்க. போனஸ் செகண்டையே விளக்காத வர்ணனையாளர்கிட்ட, எட்டு வருஷம் கழிச்சு முதலிடம் எப்படி மாறுச்சுன்னு கேட்டா கோட்டையைத்தான் காட்டுவார்.